ரேடார் பட்டதும் வைஃபை ஏன் சேனல் தாவுகிறது? கேள்வி பதில்

சைபர்ஜெயா, 19-வது மாடி: ரௌட்டர்ல சேனல் 100-னு நானே பூட்டி வச்சிருக்கேன். அப்படியும் வாரத்துல நாலஞ்சு தடவை 36-க்கு ஓடிடுது. ரௌட்டர் கெட்டுப்போச்சா? லாக் இதோ:

```
DFS-RADAR-DETECTED freq=5500 ht_enabled=1 chan_offset=1 chan_width=5 cf1=5570 cf2=0
DFS-NEW-CHANNEL freq=5180 chan=36 sec_chan=1
```

ரௌட்டர் நன்றாக இருக்கிறது. முதல் வரியில் `chan_width=5` என்று இருக்கிறதே, அதைப் பாருங்கள். உங்கள் ரௌட்டர் 160 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஓடுகிறது என்று அர்த்தம். நீங்கள் பூட்டியது 100-ஐ மட்டும்தான். ஆனால் அந்த அகலம் 100-இல் தொடங்கி 128 வரை, அதாவது 5490 முதல் 5650 மெகாஹெர்ட்ஸ் வரை, மொத்தத்தையும் பிடித்துக்கொள்கிறது. `cf1=5570` அதன் நடுப்புள்ளி.

விமான நிலையங்களுக்கான டாப்ளர் வானிலை ரேடார்கள் பெரும்பாலும் 5600-க்கும் 5650-க்கும் இடையில் வேலை செய்பவை. கேஎல்ஐஏவுக்கானது டெங்கில் பக்கம் புக்கிட் தம்போயில் நிற்கிறது. சைபர்ஜெயாவில் 19-வது மாடி என்றால் நடுவில் மறைக்க ஒன்றுமில்லாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். அகலத்தின் எந்த மூலையில் ரேடார் துடிப்பு பட்டாலும் ரௌட்டர் மொத்தத்தையும் காலி செய்ய வேண்டும் என்பது விதி, லாக்கில் DFS என்று வருவது அதுதான். 5500-இல் ரேடார் இல்லாமலே 100 பறிபோவது இப்படித்தான்.

அகலத்தை 80-க்குக் குறையுங்கள், சேனல் 100-லேயே இருக்கட்டும். அப்போது பிடிப்பது 5490 முதல் 5570 வரைதான், 5600-க்குக் கீழேயே நின்றுவிடும். ஒரு வாரம் லாக்கைப் பாருங்கள். அதன் பிறகும் தாவினால் 36-க்கோ 149-க்கோ போய்விடுங்கள். அந்த இரண்டு இடத்திலும் 80 வரை ரேடார் விதி கிடையாது.

அதே நண்பர்: அப்போ 36-லேயே 160 வச்சா வேகமும் கிடைக்கும், ரேடாரும் இல்லைதானே?

பாதிதான் சரி. 36-இலிருந்து 160 வைத்தால் 64 வரை நீளும். 52 முதல் 64 வரை உள்ள பாதி ரேடார் விதிக்கு உட்பட்டது. அதனால் ரௌட்டரைத் திறந்ததும் 60 விநாடி ஒன்றும் ஒலிபரப்பாமல் காது கொடுத்துக் கேட்கும், பிறகுதான் வைஃபை பெயரே தெரியும். வானிலை ரேடாரிடமிருந்து விலகிவிடுவீர்கள் என்பது உண்மைதான். ஆனால் விதியிலிருந்து விலகியதாகாது.

பாயான் லெப்பாஸ்: ஏர்போர்ட் பக்கத்துல வீடு. பிளேன் இறங்கும்போதெல்லாம் அதோட ரேடார்தான் வைஃபையை அடிக்குது. சரிதானே? கப்பல் வேற போகுது.

விமான நிலையத்துக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம், ஆனால் விமானத்துக்கு இல்லை. விமானத்தின் மூக்கில் இருக்கும் வானிலை ரேடார் 9 கிகாஹெர்ட்ஸ் பக்கம். ஓடுபாதையைச் சுற்றி விமானங்களைத் தேடும் ரேடார் 2.7 முதல் 2.9. கப்பல் ரேடார் 3 அல்லது 9.4. இவை எதுவும் உங்கள் 5 கிகாஹெர்ட்ஸ் சேனலுக்குள் வருவதில்லை. விமானம் இறங்கும் நேரத்தையும் லாக்கில் உள்ள நேரத்தையும் பத்து நாள் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பொருந்தினால் எழுதுங்கள், நானும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

செர்டாங்: ரேடார் ஓயாம சுத்துதுல்ல? அப்போ ஏன் எப்போவாவதுதான் மாட்டுது? அதுவும் எனக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு.

நல்ல கேள்வி. ரேடார் கற்றை மிக மெல்லியது. 20 விநாடிக்கு ஒரு சுற்று, கற்றையின் அகலம் ஒரு பாகை என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றில் அது உங்கள் வீட்டைத் தொடுவது சுமார் 55 மில்லிவிநாடி. அந்தக் கண நேரத்தில் ரௌட்டர் தானே ஒலிபரப்பிக்கொண்டிருந்தால் வெளியே வரும் துடிப்பு அதன் காதில் விழாது. மாலையில் வீட்டில் எல்லாரும் படம் பார்க்கும்போது அது ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு வாயை மூடியிருக்கும், அப்போதுதான் நன்றாகக் கேட்கும். கற்றையும் எப்போதும் ஒரே உயரத்தில் போவதில்லை. மேலே தூக்கிப் பார்க்கும் சுற்றுகளில் உங்கள் தலைக்கு மேலே கடந்துவிடும்.

பிரிக்ஃபீல்ட்ஸ்: எங்க வீட்ல மைக்ரோவேவ் ஓடும்போதும் கட்டாகுது. அதுவும் ரேடாரா நினைச்சுக்குதா?

மைக்ரோவேவ் அடுப்பு 2.4 கிகாஹெர்ட்ஸைக் கெடுக்கும். அது வேறு பிரச்சினை. போனை 5 கிகாஹெர்ட்ஸில் இணைத்துப் பாருங்கள்.

ஜார்ஜ்டவுன், ஹோட்டல் நெட்வொர்க்: 24 ஆக்சஸ் பாயிண்ட் இருக்கு. ஒண்ணு மட்டும் தினமும் ரேடார்னு கத்துது, அதுவும் ஒவ்வொரு நாளும் வேற வேற சேனல்ல. அது கார் நிறுத்துற தளத்துல இருக்கு.

உண்மையான வானிலை ரேடார் தன் அலைவரிசையை விட்டு நகராது. ஒரே சேனலில், வெளிப்பக்கம் பார்க்கும் பல ஆக்சஸ் பாயிண்டுகளில், அதிலும் மேல் மாடிகளில் முதலில் தெரியும். தரைக்கடியில் ஒன்றே ஒன்று, தினம் ஒரு சேனலில் என்றால் பொய்யான கண்டுபிடிப்பு என்றே நினைக்கிறேன். துடிப்பின் நீளத்தையும் இடைவெளியையும் வைத்துத்தான் சிப் முடிவெடுக்கிறது. மிக அருகில் இன்னொரு ரேடியோ பலமாகப் பேசினால் ரிசீவர் திணறிப்போய், வரும் சிதறலை ரேடார் துடிப்பென்று எடுத்துக்கொள்ளும்.

பக்கத்தில் சிசிடிவி இணைப்புக்கான வயர்லெஸ் கருவி ஒரு மீட்டருக்குள் தொங்குகிறதா என்று பாருங்கள். அடுத்து, அந்த ஆக்சஸ் பாயிண்டை மேல் மாடியில் உள்ள ஒன்றோடு இடம் மாற்றுங்கள். கத்தல் கருவியோடு போனால் கருவியின் கோளாறு, அங்கேயே தங்கினால் இடத்தின் கோளாறு. இரண்டும் இல்லாமல் நின்றுபோனால் எதுவென்று சொல்ல முடியாது, இன்னொரு வாரம் பார்க்கத்தான் வேண்டும்.

கெப்போங்: 36-க்குத் தாவினதும் உடனே கையால 100-க்குத் திரும்பப் போட்டா ஏத்துக்க மாட்டேங்குது. பிடிவாதமா இருக்கு.

ரேடார் கண்ட சேனலை 30 நிமிடம் தொடக்கூடாது என்பது விதி. லினக்ஸ் சார்ந்த ரௌட்டர் என்றால் தடை தொடங்கி எவ்வளவு நேரம் ஆயிற்று என்று இந்தக் கட்டளை காட்டும் (உங்கள் கருவியில் `phy0` ஆகவும் இருக்கலாம்):

```
iw phy phy1 channels
```

`DFS state: unavailable` என்ற வரிக்கு எதிரே விநாடிக் கணக்கு இருக்கும். அது ஏறிக்கொண்டே போய் 1800-ஐத் தொட்ட பிறகும் 60 விநாடி கேட்டுவிட்டுத்தான் ஒலிபரப்பும். ரௌட்டர் தாவும்போது 36 போன்ற இடத்தைத் தேடுவதும் இதனால்தான், அங்கே காத்திருக்க வேண்டியதில்லை. தாவுவதற்கு முன் "இந்தச் சேனலுக்கு வாருங்கள்" என்று பீக்கனில் அறிவிக்கும். போன்கள் பெரும்பாலும் சத்தமில்லாமல் கூடவே வந்துவிடும். அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்த மலிவான கேமராவோ ஸ்மார்ட் பல்போ அறிவிப்பைத் தவறவிட்டு, வைஃபையை முதலிலிருந்து தேடும்.

அதே கெப்போங்: நாட்டை வேற நாடா மாத்திட்டா ரேடார் சோதனையே இருக்காதுன்னு ஒரு கடைக்காரர் சொன்னாரே?

செய்யாதீர்கள். வானிலை ரேடார் திரையில் அப்படிப்பட்ட ஒரு ரௌட்டர், அது இருக்கும் திசையில் நடுவிலிருந்து ஓரம் வரை ஓடும் ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோட்டுக்குப் பின்னால் இருக்கும் மழையை முன்னறிவிப்பாளரால் பார்க்க முடியாது. ஓடுபாதைக்குப் பக்கத்தில் திடீரென்று காற்று திசை மாறுவதைக் கண்டுபிடிக்கத்தான் அந்த ரேடாரை வைத்திருக்கிறார்கள். 2003-இல் உலக வானொலி மாநாடு 5250 முதல் 5350 வரையும் 5470 முதல் 5725 வரையும் வைஃபைக்குத் திறந்துவிட்டபோது, ரேடாரைக் கேட்டால் விலகுவது என்ற நிபந்தனையோடுதான் திறந்துவிட்டது. சேனல் தாவுவது தொல்லையாக இருந்தால் `iw reg get` கொடுத்து, `country MY` பகுதியில் `DFS` என்று எழுதாத வரிகளைப் பாருங்கள். அங்கே 80 அகலத்தில் ஓட்டினால் உங்களுக்கு இந்தக் கேள்வியே வராது.