டெஸ்டிங் கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் மகளிடம் நான்கு பக் ரிப்போர்ட் கேளுங்கள்

வணக்கம் அம்மா. மகள் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறார், கோடிங் என்றாலே ஒதுங்குகிறார், மேனுவல் டெஸ்டிங் படித்தால் வீட்டிலிருந்தே ஃப்ரீலான்ஸ் செய்யலாம் என்று ஒரு பயிற்சி நிலையம் 40,000 ரூபாய் கேட்கிறது, கட்டலாமா என்று எழுதியிருந்தீர்கள். இப்போதைக்குக் கட்ட வேண்டாம். அந்த வேலை பொய் என்பதால் இல்லை, நிஜமாகவே இருக்கிறது. ஆனால் உங்கள் மகளுக்கு அது ஒத்துவருமா என்பதை ஒரு ரூபாய் செலவில்லாமல் சில வாரங்களில் தெரிந்துகொள்ள வழி இருக்கும்போது எதற்காக முதலிலேயே பணம் கட்ட வேண்டும்?

ஆப்பைத் திறந்து அங்கே இங்கே தட்டிப் பார்ப்பதுதான் இந்த வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். தட்டிப் பார்க்க யாராலும் முடியும், அதற்கு யாரும் காசு தரமாட்டார்கள். ஃப்ரீலான்ஸ் டெஸ்டர் விற்பது ரிப்போர்ட்டை, அதாவது ஆப்பில் கண்ட பிழையை, பக் என்பார்கள், விவரமாக எழுதித் தருவதை. இந்த வேலையைத் தரும் யூடெஸ்ட், டெஸ்ட் ஐஓ மாதிரியான தளங்களில் சேரக் கட்டணம் கிடையாது. ஆனால் அங்கே ஒரு பக்கைக் கண்டுபிடித்துவிட்டால் மட்டும் பணம் வந்துவிடாது, அதைப் பற்றி எழுதிய ரிப்போர்ட்டை அவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். அதே பக்கை வேறொருவர் முன்பே எழுதியிருந்தால் டூப்ளிகேட் என்று தள்ளுபடி, இந்தப் பகுதியைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லியிருந்ததில் போய்ப் பார்த்திருந்தால் தள்ளுபடி, எழுதியபடி செய்து பார்த்தும் அவர்களுக்கு அந்தப் பிழை வரவில்லை என்றாலும் தள்ளுபடிதான். புதிதாக வருபவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்.

அதனால் எழுதுவதிலிருந்தே தொடங்கச் சொல்லுங்கள். பழகுவதற்கென்றே சாஸ் லேப்ஸ் நிறுவனம் `saucedemo.com` என்று ஒரு பொம்மைக் கடையை இணையத்தில் வைத்திருக்கிறது. பை, டிஷர்ட் எல்லாம் இருக்கும், எதுவும் நிஜத்தில் விற்பனைக்கு இல்லை. உள்ளே நுழையும் பெயர்களும் பாஸ்வேர்டும் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கும். `standard_user` என்று நுழைந்தால் ஒழுங்கான கடை, `problem_user` என்று நுழைந்தால் வேண்டுமென்றே கெடுத்து வைத்த கடை. இரண்டாவதில் ஒரு பொருளைக் கூடையில் போட்டு, பணம் கட்டும் இடத்துக்குப் போனால் பெயர் கேட்கும் படிவம் வரும். அங்கே `Last Name` கட்டத்தில் எழுதினால் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும், அடிக்கிற எழுத்து `First Name` கட்டத்தில் போய் விழும்.

இதைப் பார்த்ததும் அனேகமாக எல்லோரும் முதலில் எழுதுவது இப்படி: "செக்அவுட் வேலை செய்யவில்லை. அவசரம்." படிக்கிற டெவலப்பருக்கு இதிலிருந்து ஒன்றும் கிடைக்காது. எந்தக் கணக்கில், எந்தப் பக்கத்தில், என்ன அடித்தபோது என்று அவரே திரும்பிக் கேட்க வேண்டும், அவர் இருப்பது வேறு நாட்டில், பதில் வர ஒரு நாள் ஆகும். ஃப்ரீலான்ஸில் பல சமயம் திரும்பிக்கூடக் கேட்கமாட்டார்கள், மூடிவிட்டுப் போய்விடுவார்கள்.

எழுதுவதற்கு முன்னால் சின்னதாக ஒரு துப்பறியும் வேலை இருக்கிறது, டெஸ்டிங்கில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் அதுதான். அதே படிவத்தை `standard_user` கணக்கில் நிரப்பிப் பார்க்க வேண்டும். அங்கே ஒழுங்காக வருகிறது. அப்படியானால் கோளாறு எல்லோருக்கும் இல்லை, இந்தக் கணக்குக்கு மட்டும். பிறகு குரோமில் பார்த்ததை பயர்பாக்ஸில் பார்க்க வேண்டும், அங்கேயும் வந்தால் பிரவுசர் காரணமில்லை. அப்புறம் `First Name` கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு நேராக `Last Name` கட்டத்தில் அடித்தால் என்ன ஆகிறது? அப்போதும் எழுத்து மேலே போய்த்தான் விழுகிறது. இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்த பிறகு எழுதினால் ரிப்போர்ட் ஏறக்குறைய இப்படி இருக்கும். நிஜத்தில் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும், நீங்களும் படிப்பீர்கள் என்பதால் தமிழில் தருகிறேன்.

தலைப்பு: `problem_user` கணக்கில், செக்அவுட் படிவத்தின் `Last Name` கட்டத்தில் அடிக்கும் எழுத்து `First Name` கட்டத்தில் பதிவாகிறது, ஆர்டரை முடிக்க முடியவில்லை.

சூழல்: விண்டோஸ் 11, குரோம் (வெர்ஷன் எண்ணோடு). பயர்பாக்ஸிலும் வருகிறது. `standard_user` கணக்கில் வரவில்லை.

படிகள்: 1. `problem_user` என்று நுழையவும். 2. `Sauce Labs Backpack` பொருளுக்கு `Add to cart` அழுத்தவும். 3. கூடையைத் திறந்து `Checkout` அழுத்தவும். 4. `First Name` கட்டத்தில் Meena என்று அடிக்கவும். 5. `Last Name` கட்டத்தில் Kumar என்று அடிக்கவும். 6. `Zip/Postal Code` கட்டத்தில் 637001 அடித்து `Continue` அழுத்தவும்.

எதிர்பார்த்தது: இரண்டு பெயரும் அதனதன் கட்டத்தில் இருக்க வேண்டும், அடுத்த பக்கம் வர வேண்டும்.

நடந்தது: Meena அழிந்து, அந்த இடத்தில் கடைசியாக அடித்த r மட்டும் நிற்கிறது. `Last Name` காலியாக இருக்கிறது. `Error: Last Name is required` என்று வருகிறது.

கூடவே ஒரு சின்ன ஸ்கிரீன் ரெக்கார்டிங், அரை நிமிடத்துக்குள். அவ்வளவுதான்.

தலைப்பைப் பாருங்கள். எங்கே, என்ன, அதனால் என்ன நஷ்டம் மூன்றும் அந்த ஒரு வரியிலேயே வந்துவிட்டது. நூறு ரிப்போர்ட் வரிசையில் இருக்கும்போது பல பேர் தலைப்பை மட்டும்தான் படிப்பார்கள், டூப்ளிகேட்டா என்று தேடுகிறவரும் தலைப்பை வைத்துத்தான் தேடுவார். "நடந்தது" பகுதியில் கண்ணால் கண்டது மட்டும் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். "டேட்டாபேஸில் பிரச்சினை இருக்கலாம்" என்று ஊகம் எழுதுவது புதியவர்களுக்கு ஒரு பழக்கம். அது தவறாக இருந்தால் டெவலப்பர் அந்தப் பக்கம் போய்த் தேடி நேரத்தை வீணாக்குவார், அடுத்த முறை உங்கள் மகளின் பெயரைப் பார்த்ததுமே சந்தேகப்படுவார். எழுதி முடித்ததும் ஒரு சோதனை: அந்தப் படிகளை உங்களிடம் கொடுத்துச் செய்யச் சொல்லட்டும். கம்ப்யூட்டர் அதிகம் தெரியாத நீங்கள் யாரையும் கேட்காமல் அந்தப் பிழையை வரவழைத்துவிட்டால் ரிப்போர்ட் தேறிவிட்டது.

இனி போர்ட்ஃபோலியோ, அதாவது செய்த வேலையை எடுத்துக் காட்டும் தொகுப்பு. யூடெஸ்ட் போன்ற இடங்களில் செய்யும் வேலை ரகசியம், சேரும்போதே அதற்கு ஒப்புக்கொள்கிறோம். அங்கே எழுதிய ரிப்போர்ட்டை எடுத்து வெளியில் காட்டக் கூடாது, ஸ்கிரீன்ஷாட்கூட. அதே சமயம் `problem_user` பிழைகளை மட்டும் காட்டினாலும் மதிப்பு குறைவு, இந்தத் துறையில் இருப்பவர்கள் பாதிப்பேருக்கு அவை மனப்பாடம். அப்படியானால் காட்டுவதற்கு எங்கே போவது? ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்களுக்கு, கோடை எல்லோருக்கும் திறந்து வைத்திருப்பவை அவை. நான் முதலில் கைகாட்டுவது வேர்ட், எக்செல் செய்யும் வேலைகளை இலவசமாகச் செய்யும் லிப்ரே ஆபீஸை. அதன் பக் பட்டியல் `bugs.documentfoundation.org` முகவரியில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. புதிதாக வரும் ரிப்போர்ட் `UNCONFIRMED` என்று கிடக்கும். வேறொருவர் தன் கம்ப்யூட்டரில் செய்து பார்த்து, ஆமாம் எனக்கும் வருகிறது என்று உறுதி செய்தால்தான் `NEW` ஆகும். விவரம் போதாவிட்டால் `NEEDINFO`.

உங்கள் மகள் முதல் இரண்டு வாரம் சொந்தமாக எதையும் தேட வேண்டாம். `UNCONFIRMED` என்று கிடப்பவற்றில் எளிதான சிலவற்றை எடுத்து, எழுதியபடி செய்து பார்த்து, வந்ததா வரவில்லையா என்று கீழே எழுதட்டும். லிப்ரே ஆபீஸின் `Help` மெனுவில் `About LibreOffice` திறந்தால் வெர்ஷன் விவரம் முழுவதையும் காப்பி எடுக்க ஒரு பட்டன் இருக்கிறது, அதையும் சேர்த்து ஒட்ட வேண்டும். மற்றவர்கள் அரைகுறையாக எழுதியதை வைத்துக்கொண்டு திண்டாடும்போதுதான் தன் ரிப்போர்ட்டில் என்ன இருக்க வேண்டும் என்பது உறைக்கும், எந்த வகுப்பிலும் இது இவ்வளவு சீக்கிரம் வராது.

அதன் பிறகு சொந்த வேட்டை, அதிலும் தமிழிலேயே தொடங்கலாம். வெளிநாட்டு டெஸ்டர்கள் தொடாத இடம் அது. ஓர் உதாரணம்: கம்ப்யூட்டரில் எழுத்துகளுக்கு எண் கொடுத்துச் சேமிக்கும் முறையான யூனிகோடில் "கொ" என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும், ககரத்தோடு ஒற்றைக் குறியாக ஒரு விதம், ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் ஒரு விதமாக அடித்ததை இன்னொரு விதமாகத் தேடினால் சில ஆப்களில் கிடைக்காது. பெயர்ப் படிவங்களும் அப்படித்தான், நம் ஊரில் பலருக்கு லாஸ்ட் நேம் என்று ஒன்றே கிடையாது, இனிஷியல்தான். ஒற்றை எழுத்தை ஏற்காத படிவம் எத்தனை பேரைத் தடுக்கிறது என்று அமெரிக்காவில் இருக்கும் டெஸ்டருக்குத் தோன்றாது. இப்படி ஒன்று கிடைத்து, பட்டியலில் முன்பே இல்லை என்று தேடி உறுதி செய்து எழுதி, அது `NEW` ஆகிவிட்டால் அந்த ஒரு லிங்க் நிலையத்தின் சர்டிஃபிகேட்டைவிடக் கனமானது.

மொத்தம் நான்கு ரிப்போர்ட், அதில் குறைந்தது இரண்டு வேறொருவர் உறுதி செய்தவை, அப்புறம் ஓர் ஆப்பை ஒரு மணி நேரம் பார்த்தபோது எதை எதை ஏன் சோதித்தேன் என்று ஒரு பக்கக் குறிப்பு. ஒரு கூகுள் டிரைவ் ஃபோல்டரில் போட்டு லிங்க் கொடுத்தால் போதும். வங்கித் தளம், யாரோ ஒருவரின் கடைத் தளம் என்று அனுமதியில்லாமல் உள்ளே புகுந்து பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம், ஐ.டி. சட்டத்தில் அது குற்றமாகும்.

வருமானத்தைப் பற்றி மாதம் இவ்வளவு என்று நிலையத்தார் சொன்னதை நம்பாதீர்கள். ஒரு மாதம் அழைப்பு நிறைய வரும், அடுத்த மாதம் ஒன்றும் வராது, ஆரம்பத்தில் நிராகரிப்பே அதிகம். இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது, நேர்காணலுக்குக் கொண்டுபோக ஓர் அனுபவமாக வைத்துக்கொள்ளலாம். நிரந்தர வேலை என்று வரும்போது டேட்டாபேஸில் விவரம் தேடும் மொழியான எஸ்கியூஎல் கொஞ்சம், மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் ஏபிஐ வழியைச் சோதிப்பது கொஞ்சம் என்று கேட்பார்கள், கோடிங்கிலிருந்து முழுக்கத் தப்பிக்க இது வழியில்லை என்பதை மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். டெலிகிராமில் "ஆப் டெஸ்டிங் டாஸ்க், முதலில் டெபாசிட் கட்டுங்கள்" என்று யாராவது வந்தால் அது மோசடி, பேசவே வேண்டாம்.

இன்னொரு விஷயம், பணம் பேபால் வழியாக வருவதாக இருந்தால் பான் கார்டு கேட்பார்கள். பானில் இனிஷியல் விரிந்து அப்பா பெயராக இருக்கும், வங்கியில் ஒற்றை எழுத்தாக இருக்கும், பெயர் பொருந்தவில்லை என்று நின்றுவிடும். இரண்டையும் இந்த வாரமே எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் இருந்தால் வங்கிக் கிளையில் மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுத்துவிடுங்கள்.