பிரஷர், கிட்னி பிரச்சினை உள்ளவருக்கு எந்த வலி மாத்திரை?

அப்பாவுக்கு 64 வயது, கடலூர் முதுநகர். பிரஷருக்கு டெல்மிசார்ட்டனும் நீர் மாத்திரையும் சாப்பிடுகிறார். கிரியாட்டினின் 1.8, முன்பு குடல்புண்ணும் இருந்தது. மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் கொடுக்கலாமா?

வேண்டாம். சிறுநீரகத்துக்குள் ரத்தம் நுழையும் நுண்குழாயை விரித்து வைப்பது புரோஸ்டாகிளாண்டின். டைக்ளோஃபெனாக் அதைத் தடுப்பதால் வரும் வழி சுருங்கும். டெல்மிசார்ட்டன் ரத்தம் வெளியேறும் வழியைத் தளர்த்துகிறது. நீர் மாத்திரை உடம்பின் நீரைக் குறைக்கிறது. மூன்றும் சேர்ந்தால் வடிகட்டத் தேவையான அழுத்தமே விழுந்துவிடும். நம்மூர் மே மாத வெயிலில் வியர்த்துக் கொட்டினால் கேட்கவே வேண்டாம். சிறுநீர் குறைவது, கால் வீங்குவது, பிரஷர் ஏறுவது இதன் அடையாளங்கள்.

வயிற்றின் உட்சுவரைக் காப்பதும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான். அதனால் 'ஊசியாகப் போட்டால் வயிறு தப்பிக்கும்' என்பது வெறும் நம்பிக்கை. மலம் தார் போலக் கறுத்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அவருக்குப் பாராசிட்டமால் 500 மி.கி. போதும். 6 மணி நேர இடைவெளி விட்டு, நாளுக்கு 4 மாத்திரைக்குள். கல்லீரல் நோயோ குடிப்பழக்கமோ இருந்தால் முதலில் டாக்டரைக் கேளுங்கள். தண்ணீரில் நுரைத்துக் கரையும் வகையில் சோடியம் அதிகம், பிரஷருக்கு ஆகாது. வாங்கும்போது அட்டையின் பின்புறத்தைப் படியுங்கள். பாராசிட்டமாலோடு, டைக்ளோஃபெனாக் இனத்தைச் சேர்ந்த அசிக்ளோஃபெனாக் கலந்த மாத்திரைகளும் கடையில் சாதாரணமாகக் கிடைக்கின்றன; அவை வேண்டாம்.