மெயினை அணைத்தாயிற்று, இன்வர்ட்டரை அணைத்தீர்களா? மழைக்கால வீடு பற்றிய கேள்வி பதில்

வீட்டு வயரிங் வேலையில் 25 வருடமாக இருக்கிறேன். மழைக்கு வீட்டைத் தயார் செய்வது பற்றிக் கேளுங்கள். மின்சாரம் என்றால் விரிவாகச் சொல்வேன். வடிகால் பற்றி வேலை செய்யும் இடங்களில் பார்த்த அளவுக்குத்தான் தெரியும்.

புதுவீட்டுக்காரர்: சார், எங்கள் டிபி பாக்ஸில் எல்லாமே எம்சிபிதான். தண்ணீர் பட்டால் அதுவே டிரிப் ஆகிவிடும் இல்லையா?

ஆகாது. எம்சிபி வயரைக் காப்பாற்றுகிற சாமான், ஆளைக் காப்பாற்றுவது அல்ல. 16 ஆம்பியர் எம்சிபி, அதற்கு மேல் கரண்ட் போனால்தான் விழும். ஈரத் தரையில் நிற்கிற ஒருவரைக் கொல்ல ஒரு ஆம்பியரில் இருபதில் ஒரு பங்கு போதும். எம்சிபிக்கு அது ஒரு சின்ன பல்பு எரிவது மாதிரி, கண்டுகொள்ளாது.

உங்களுக்கு வேண்டியது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. பேஸில் போன கரண்ட் முழுக்க நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று அது கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். குறைந்தால் வேறு வழியாக, அதாவது தண்ணீர் வழியாகவோ ஆள் வழியாகவோ, பூமிக்குப் போகிறது என்று அர்த்தம். கண் இமைப்பதற்குள் துண்டித்துவிடும். 100, 300 என்று எண் போட்டும் வருகிறது. அவை தீவிபத்தைத் தடுக்கப் போடுவது, ஆளுக்கு உதவாது. எண்ணைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

தரைத்தளவாசி: தண்ணீர் வாசல்படி ஏறினால் மெயினை அணைத்தால் போதுமா அண்ணே? எங்கள் வீட்டில் போன மழையில் அப்படித்தான் செய்தோம்.

இன்வர்ட்டர் இருக்கிறதா? இருந்தால் போதாது. மெயினை இறக்கியதும் இன்வர்ட்டர் என்ன நினைக்கும்? கரண்ட் போய்விட்டது, நாம் கொடுப்போம் என்று நினைக்கும். அதுதானே அதன் வேலை. நீங்கள் மெயினை அணைத்துவிட்ட நிம்மதியில் தண்ணீரில் இறங்குவீர்கள், லைட், ஃபேன் லைனில் 230 வோல்ட் அப்படியே இருக்கும். அந்த லைனிலிருந்து ஒரு பிளக் பாயின்ட்டைத் தாழ்வாக எடுத்து விட்டிருப்பார்கள், டிவிக்கோ மோடத்துக்கோ. அது முழங்காலுக்குக் கீழே இருந்தால் கதை முடிந்தது.

அதனால் இன்வர்ட்டரின் முன்பக்க சுவிட்சை அணையுங்கள், மெயினையும் இறக்குங்கள், இரண்டையும். சுவிட்சை மட்டும் அணைத்தால் பெரும்பாலான இன்வர்ட்டர்களில் மெயின் கரண்ட் அதன் வழியாகவே நேராக வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். இரண்டும் அணைந்த பிறகு ஒரு ஃபேன் சுவிட்சைத் தட்டிப் பாருங்கள், சுற்றக் கூடாது. இதை மழைக்கு முன்னால், வெயில் நாளில், வீட்டில் எல்லோரும் ஒருமுறை செய்து பாருங்கள். இரவு இரண்டு மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் அந்த சுவிட்ச் எங்கே என்று தேடக் கூடாது.

இன்னொன்று. இதெல்லாம் தரை காய்ந்திருக்கும்போது செய்கிற வேலை. மெயின் போர்டுக்குப் போகவே தண்ணீரில் நடக்க வேண்டும் என்றால் தொடவே தொடாதீர்கள். மின் அலுவலகத்துக்குச் சொல்லி வெளியே கம்பத்தில் துண்டிக்கச் சொல்லுங்கள்.

மின்பொறியாளர்: இது பயமுறுத்தல். மெயின் இறங்கிய நிலையில் இன்வர்ட்டர் வெளியீடு பூமியோடு தொடர்பில்லாதது. ஒரு வயரைத் தொட்டால் சுற்று முழுமையடையாது, ஷாக் அடிக்காது.

பாதி சரி. வரைபடத்தில் முழுக்க சரி. ஆனால் வீட்டில்? நான் திறந்து பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் இன்வர்ட்டர் நியூட்ரலையும் மெயின் நியூட்ரலையும் ஒரே கட்டையில் முறுக்கி வைத்திருக்கிறார்கள். மெயின் சுவிட்ச் நியூட்ரலையும் சேர்த்து வெட்டுகிற டபுள் போல் ஆக இல்லாவிட்டால், அந்த நியூட்ரல் கம்பம் வரை போய் டிரான்ஸ்ஃபார்மரில் எர்த் ஆகிறது. அப்புறம் தொடர்பில்லாதது எங்கே இருக்கிறது? போதாக்குறைக்கு, தண்ணீர் மூழ்கிய பாயின்ட்டில் பேஸும் நியூட்ரலும் ஒரே தண்ணீரில்தான் இருக்கும்.

மின்பொறியாளர்: அப்படியானால் இன்வர்ட்டர் வெளியீட்டுக்கும் ஒரு ஆர்சிசிபி போடச் சொல்லலாமே. ஆனால் நான் சொன்ன மாதிரி தனித்து நிற்கும் வெளியீடாக இருந்தால் அது டிரிப் ஆகாது. அதைச் சொல்லாமல் விடுவது தவறு.

ஒத்துக்கொள்கிறேன். போட்டாலும் ஒவ்வொரு வீட்டு வயரிங்கைப் பொறுத்துத்தான் வேலை செய்யும். நான் போடுகிறேன், என் நண்பர் ஒருவர் வீண் செலவு என்கிறார், இன்னும் சண்டைதான். அதனால்தான் சாமானை நம்பாமல் சுவிட்சை அணையுங்கள் என்கிறேன்.

ஓய்வுபெற்ற லைன்மேன்: தம்பி, ஜெனரேட்டரையும் சொல்லு. இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரால் சுவர் பாயின்ட்டில் செருகி வீட்டுக்கு ஏற்றுகிறார்கள். அந்தக் கரண்ட் திரும்பி கம்பம் வரை வரும். கம்பத்தில் லைன் செத்துவிட்டது என்று நம்பித்தான் நாங்கள் ஏறுவோம்.

ஐயா சொன்னதை இரண்டு முறை படியுங்கள். மெயின், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டுமே வீட்டோடு சேர்க்கிற மாற்றுச் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை வீட்டு லைனில் கொடுக்காதீர்கள். ஃபிரிட்ஜை நேராக அதிலேயே செருகுங்கள். ஜெனரேட்டர் வெளியில், ஜன்னலுக்குத் தள்ளி இருக்க வேண்டும். புகை மணம் தெரியாமலே ஆளைச் சாய்க்கும்.

மாடிவீட்டுக்காரர்: மழை பெய்தாலே ஆர்சிசிபி விழுகிறது. வயர்மேன் வந்து அதைத் தாண்டி நேராகக் கொடுத்துவிட்டார். இப்போது தொல்லை இல்லை. மழை முடிந்ததும் மாற்றிக்கொள்ளலாம்தானே?

நாய் குரைக்கிறது என்று நாயைக் கட்டிப்போட்டிருக்கிறீர்கள், திருடன் உள்ளேதான் இருக்கிறான். இன்றே திரும்பப் போடச் சொல்லுங்கள்.

கசிவைத் தேடுவது பெரிய வித்தையில்லை. எல்லா எம்சிபியையும் இறக்கிவிட்டு ஆர்சிசிபியை ஏற்றுங்கள். பிறகு ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போடும்போது விழுகிறதோ அந்த லைன். மழையில் மட்டும் விழுந்தால் பெரும்பாலும் கேட் லைட், மாடிக் கைப்பிடிச் சுவர் பாயின்ட், தண்ணீர் மோட்டார், இந்த மூன்றில் ஒன்று. போன மாதம் ஒரு வீட்டில் கேட் லைட்டின் மூடியைத் திறந்தேன், உள்ளே கால் டம்ளர் தண்ணீர், அதில் எறும்புக் கூடு வேறு.

ஒரு சூட்சுமம், இதில் வயர்மேன்களே மாட்டிக்கொள்வார்கள். எதைப் போட்டாலும் விழுகிறது, எல்லாம் இறக்கியிருந்தும் சில நேரம் விழுகிறது என்றால் நியூட்ரல் எங்கோ எர்த்தைத் தொடுகிறது. சாதாரண எம்சிபி பேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் இணைப்பிலேயே இருக்கும். அப்போது மெயினை இறக்கி, நியூட்ரல் கட்டையிலிருந்து ஒவ்வொரு வயராகக் கழற்றித்தான் தேட வேண்டும். அது வயர்மேன் வேலை, நீங்கள் கை வைக்காதீர்கள்.

குடியிருப்புச் செயலாளர்: மொட்டை மாடி வடிகால், கழிவுநீர் திரும்ப வருவது இதற்கெல்லாம் என்ன செய்வது?

என் துறை இல்லை, இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். 1000 சதுர அடி மாடியில் அரை அடி தண்ணீர் நின்றால் 14,000 லிட்டர், அதாவது 14 டன். இதற்குக் காரணம் குழாய் வாயில் ஒட்டிய நாலு இலை, ஒரு பிளாஸ்டிக் பை. தட்டையான சல்லடையை எடுத்துவிட்டுக் கூம்பு மாதிரி மேலெழும்பியது போடுங்கள், சுற்றிலும் இலை சேர்ந்தாலும் மேல்பக்கமாகத் தண்ணீர் இறங்கும். பிறகு பத்து வாளி தண்ணீரை மளமளவென்று ஊற்றிவிட்டு, கீழே ஒருவரை நிறுத்தி அதே வேகத்தில் வருகிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, மாடி மழைக்குழாயைக் கழிவுநீர்க் குழாயில் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். சேர்த்திருந்தால் பெருமழையில் மாடித் தண்ணீர் தரைத்தளக் கழிப்பறை வழியாகத்தான் வெளியே வரும். பிரித்துவிட வேண்டும். மற்றதைப் பிளம்பரிடம் கேளுங்கள்.

கல்லூரி மாணவி: அவசரப் பையில் என்னவெல்லாம் வைக்க வேண்டும்?

ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் குடிநீர், தினமும் சாப்பிடும் மருந்து, தண்ணீர் புகாத உறையில் சான்றிதழ்கள், சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க், டார்ச்சும் தனியாக பேட்டரியும். மெழுகுவர்த்தி வேண்டாம். இன்வர்ட்டர் அணைத்த வீடு இருட்டாகத்தான் இருக்கும், அதனால் தலையில் மாட்டுகிற டார்ச் ஒன்று இருந்தால் இரண்டு கையும் சும்மா இருக்கும்.

அவசரக்காரர்: எம்சிபி இருந்தால் ஆர்சிசிபி எதற்கு?

முதல் பதில்.

இன்னொருவர்: ரப்பர் செருப்பு போட்டால் தண்ணீரில் மெயினை அணைக்கலாமா?

முடியாது. செருப்புக்கு மேலே தண்ணீர் இருக்கும்போது செருப்பு என்ன செய்யும்? இது மூன்றாவது ஆள் கேட்கிறீர்கள்.

தரைத்தளவாசி: போன முறை இரண்டு அடி தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு மூன்று நாள் ஃபேன் வைத்துக் காயவைத்து மெயினைப் போட்டோம். எதுவும் ஆகவில்லை. இனிமேலும் அப்படிச் செய்யலாமா?

தப்பித்தீர்கள். அதே மாதிரி ஒரு வீட்டுக்கு நான் போனேன், இரண்டு அடி, நான்கு நாள் காய்ந்தது. சுவர் தொட்டால் உலர்ந்திருந்தது. மெயினைப் போடாமல், எல்லா சாதனங்களையும் கழற்றிவிட்டு, வயரில் கசிவு இருக்கிறதா என்று காட்டுகிற 500 வோல்ட் மெகர் மீட்டரை வைத்து லைன் லைனாகப் பார்த்தேன். குறைந்தது 1 மெகாஓம் காட்ட வேண்டும். லைட், ஃபேன் லைன்கள் மேலே இருந்ததால் 20க்கு மேல் காட்டின. கீழ் பிளக் லைன் 0.02. சுவர் காய்ந்தாலும் தரைக்குள் ஓடும் கன்ட்யூட் பைப்பில் தண்ணீர் அப்படியே நின்றிருந்தது, வெயில் அங்கே எப்படிப் போகும்?

மேல் லைன்களை மட்டும் அன்றே கொடுத்தேன். கீழ் லைனை டிபியிலேயே கழற்றி, வயரை முழுக்க உருவி, பைப்பில் காற்றடித்ததில் சேறுதான் வந்தது. புது வயர் இழுத்து, மூழ்கிய பிளக் பாயின்ட்டுகளை எல்லாம் மாற்றிய பிறகு மெகர் நன்றாக ஏறியது. மூழ்கிய சுவிட்ச், பிளக், எம்சிபி, ஆர்சிசிபி எதையும் காயவைத்துத் திரும்பப் போடாதீர்கள். உள்ளே ஸ்பிரிங்கிலும் காண்டாக்டிலும் மண் ஒட்டியிருக்கும். வெளியே புதிது மாதிரி இருக்கும், விழ வேண்டிய நேரத்தில் விழாது. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் மோட்டாரையும் பரிசோதிக்காமல் செருகாதீர்கள்.

புதுவீட்டுக்காரர்: சார், உங்கள் பதிலைப் படித்துவிட்டு மேல் போர்ஷனுக்கான பாக்ஸைத் திறந்து பார்த்தேன். அதில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியே இருக்கிறது. டெஸ்ட் பட்டனை அழுத்தினேன், விழவில்லை. பரவாயில்லையா?

கரண்ட் இருக்கும்போதுதானே அழுத்தினீர்கள்? இல்லாத நேரத்தில் அழுத்தினால் விழாது. இருந்தும் விழவில்லை என்றால் அது செத்துவிட்டது, மாற்ற வேண்டும், நாளைக்கு அல்ல. புதிதைப் போட்டதும் பட்டனை அழுத்தி விழுகிறதா என்று வயர்மேன் கண்முன்னே பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். வீட்டில் இன்வர்ட்டர் இருந்தால் அதன் நியூட்ரலை எந்தக் கட்டையில் போட்டிருக்கிறார் என்றும் அவரிடமே கேளுங்கள்.