லைக் போட்ட ஆக்கள் தூள் வாங்கத் தொடங்கின கதை

கேள்வி: பேஸ்புக்கில 8000 பேர் பின்தொடருகினம். லைக் விழுது, ஓடர் விழேல்லை. ஆக்களை வட்ஸ்அப்புக்கு எப்பிடிக் கொண்டுவாறது?

நீங்களும் சாப்பாட்டுச் சாமான்தான் விக்கிறியள் எண்டு நினைச்சுச் சொல்லுறன். நான் கோண்டாவிலில வீட்டில மிளகாய்த்தூள் வறுத்து விக்கிறன். வீடியோ போட்டால் நானூறு லைக். "ஊர் மணம்" எண்டு கனடாவில இருந்து ஒரு கூட்டம் உருகும். தூள் போத்தலிலயே கிடக்கும்.

முதல் பிழை வட்ஸ்அப் குறூப். கொமென்ற் போட்டவையின்ர நம்பரை வாங்கி 180 பேரைக் கேக்காமலே சேர்த்தன். குறூப்பில எல்லாற்ர நம்பரும் எல்லாருக்கும் தெரியும். வேற ஒரு யாவாரி அதை எடுத்து மெசேஜ் போட, பேச்சு விழுந்தது எனக்கு.

பிறகு பிறோட்காஸ்ற், ஒரே மெசேஜைக் கனபேருக்குத் தனித்தனியா அனுப்புறது. ஒரு லிஸ்டில 256 பேர் வரை போடலாம், பதில் எங்களுக்கு மட்டும் தனியா வரும். 140 பேருக்கு அனுப்பினன், ரெண்டே பேர் கேட்டினம். தூள் சரியில்லையோ எண்டு நித்திரையில்லை. அனுப்பின மெசேஜை அமத்திப் பிடிச்சு விபரத்தைப் பார்த்தால் 23 பேருக்குத்தான் போயிருக்கு. எங்கட நம்பரைத் தங்கட போனில சேவ் பண்ணினவைக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும்.

சும்மா "சேவ் பண்ணுங்கோ" எண்டால் ஆர் செய்யிறது? நான் மாசம் ரெண்டு தரம், ஒருக்கா 20 கிலோதான் வறுப்பன். வறுக்கிற நாளைப் பேஸ்புக்கில சொல்லுறதை நிப்பாட்டினன். நாள் தெரியவேணுமெண்டால் இதை அமத்துங்கோ எண்டு, ஒவ்வொரு வீடியோவுக்கும் முதல் கொமென்றில லிங்க் போட்டன்:

```
https://wa.me/947XXXXXXXX?text=வறுக்கிற%20நாள்%20சொல்லுங்கோ.%20ஊர்:
```

நம்பரில முன்சைபரை விட்டிட்டு 94 போடோணும், இல்லாட்டில் பிழை எண்டு காட்டும். %20 எண்டது சொல்லுக்கு நடுவில வாற இடைவெளி. அமத்தினால் வசனம் தயாரா நிக்கும், அவை ஊரை மட்டும் எழுதி அனுப்புவினம். "சேவ் பண்ணாட்டில் நாள் உங்களுக்கு வராது" எண்டு நான் பதில் போடுவன். ஊரைப் பார்த்து வட்ஸ்அப் பிஸ்னஸ் அப்பில லேபல் போடுவன்: யாழ், கொழும்பு, வெளிநாடு.

முந்தி "தூள் ரெடி" எண்டு அனுப்பினால் தம்ஸ்அப்தான் வரும். இப்ப "வியாழன் வறுக்கிறன். அரைக் கிலோவுக்கு 1, ஒரு கிலோவுக்கு 2 எண்டு அனுப்புங்கோ". ஒரு இலக்கம் அமத்த ஆருக்கும் பஞ்சியில்லை. லிஸ்டில 90 பேர்தான், ஆனா ஒவ்வொரு முறையும் இருபத்தைஞ்சு பேராவது கேக்கினம்.

90 பேர் காணுமோ, காசு கட்டி விளம்பரம் போடலாமே எண்டு வராதேங்கோ. கட்டிப் பார்த்தனான், லைக்தான் கூடினது.

வெளிநாட்டு லேபலுக்கு விலை அனுப்பிறதேயில்லை. "ஊரில இருக்கிற அம்மாவுக்கு வீட்டை கொண்டுபோய்க் குடுக்கவோ?" எண்டு கேப்பன். போன முறை உருகின கூட்டத்தில ஆறு பேர் "ஓம், அட்ரஸ் அனுப்புறன்" எண்டிச்சினம்.