மின்மினி ஏன் விட்டு விட்டு மின்னுது? நீங்க கேட்டதுல சில கேள்விகள்

மின்மினி சும்மா இஷ்டத்துக்குத்தானே மின்னுது, அதுல என்ன கணக்கு?

கணக்கு இருக்கு. வட அமெரிக்காவுல இருக்கற ஃபோட்டினஸ் பைராலிஸ்னு ஒரு வகையை எடுத்துக்குவோம். ஆண் பொழுது சாயற நேரத்துல தாழ்வா பறந்துகிட்டு, கிட்டத்தட்ட 6 செகண்டுக்கு ஒரு தடவை மின்னும், மின்னும்போதே லேசா கீழ இறங்கி மேல ஏறும், அதனால அந்த ஒளி கொக்கி போட்ட மாதிரி தெரியும். மேக்டெர்மோட்டினு இன்னொரு ஃபோட்டினஸ், அதோட ஆண் சுமார் 2 செகண்ட் இடைவெளி விட்டு ரெண்டு மின்னல் அடிக்கும். ஆளாளுக்கு தாளம் வேற.

சரி, பெண் மின்மினியை ஆண் எப்படிக் கண்டுபிடிக்குது? எல்லாம் ஒரே மாதிரி புள்ளி வெளிச்சம்தானே?

நல்ல கேள்வி இது. வெளிச்சத்தைப் பாக்கறதைவிட ஆண் நேரத்தைத்தான் பாக்குது. பைராலிஸ் பெண் புல்லுல உக்காந்துகிட்டு, தன் இனத்து ஆண் மின்னி சுமார் 2 செகண்ட் கழிச்சு ஒரே ஒரு தடவை பதிலுக்கு மின்னும். தான் மின்னினதுலேர்ந்து சரியா அந்த இடைவெளில பதில் வந்தாத்தான் ஆண் திரும்பும், சீக்கிரமாவோ லேட்டாவோ வந்தா பெரும்பாலும் கண்டுக்காது. சின்ன டார்ச்சை வெச்சு நீங்களே டெஸ்ட் பண்ணலாம், ஆண் மின்னினதும் 2 செகண்ட் விட்டு தரைகிட்ட லேசா ஒரு தடவை அடிச்சா அது டார்ச்சைத் தேடி வந்துடும் (பாவம்தான், ரொம்ப ஏமாத்தாதீங்க). மேக்டெர்மோட்டி பெண்ணோ ரெண்டாவது மின்னல் முடிஞ்சு சுமார் 1 செகண்ட்ல பதில் சொல்லிடும்.

குளிர் ராத்திரில மெதுவா மின்னுற மாதிரி தெரியுதே, அப்போ குழம்பாதா?

குழம்பாது. குளிர்ல ஆணோட இடைவெளியும் நீளும், பெண் பதில் சொல்ற நேரமும் தள்ளிப் போகும், ஆண் எதிர்பாக்கற நேரமும் கூடவே மாறிடும். அதனால நான் சொன்ன செகண்ட் எல்லாம் வெதுவெதுப்பான ராத்திரிக்கு, சுமார் 24 டிகிரி செல்சியஸுக்கு.

இந்த பாஷையை வேற பூச்சி காப்பி அடிக்காதா?

அடிக்கும்! ஃபோட்டூரிஸ்னு ஒரு பேரினம், அதுல சில வகைப் பெண்கள் ஃபோட்டினஸ் பெண் மாதிரியே சரியான நேரத்துல பதில் மின்னி, ஆசையா வர்ற ஆணைப் பிடிச்சுத் தின்னுடும், ஒரே பூச்சி ரெண்டு மூணு இனத்தோட பதிலைக்கூட மாத்தி மாத்திச் சொல்லும். வயிறு நிறையறது மட்டுமில்ல, ஃபோட்டினஸ் உடம்புல லூசிபுஃபாஜின்னு கசப்பான நச்சுப் பொருள் இருக்கு, அதைத் தின்ன ஃபோட்டூரிஸை சிலந்தி மாதிரி எதிரிங்க விட்டுடும். அதனாலதான் பதில் கிடைச்சாலும் ஆண் நேரா போய் விழாது, கொஞ்சம் தள்ளி இறங்கி, மறுபடி மின்னிக் கேட்டு, நின்னு நின்னு நடந்து போகும். அப்படியும் சிலது மாட்டிக்கும்.