ஸ்பைடர் பிளான்ட்டின் நுனி ஏன் கருகுகிறது? தண்ணீரில் இருக்கிறது விடை

கேள்வி: திருப்பூரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கோமுங்க. பால்கனியில் ஆறு இஞ்ச் தொட்டியில் ஸ்பைடர் பிளான்ட் வெச்சிருக்கேன். ஆர்.ஓ. மெஷினில் இருந்து கழிஞ்சு போற தண்ணியை வீணாக்க மனசில்லாம, எட்டு மாசமா அதைத்தான் ஊத்தறேன். இலை பச்சையாத்தான் இருக்கு. நுனி மட்டும் பழுப்பாகி மொறுமொறுன்னு காயுது. குளோரின்தான் காரணம்னு சொன்னாங்க, ராத்திரியே பிடிச்சு வெச்சு ஊத்தியும் மாறலை. தண்ணியில் கரைஞ்ச உப்பை அளக்கற டி.டி.எஸ். மீட்டரில் போர் தண்ணி 1,100 காட்டுது, ஆர்.ஓ. தண்ணி 60. என்ன பண்றதுங்க?

பதில்: குளோரினை விட்டுவிடுங்கள். அது காற்றோடு போய்விடும் வாயு. பாத்திரத்தைத் திறந்து வைத்தால் குறைந்துவிடும். உங்கள் செடியைத் தொல்லை செய்பவை எத்தனை நாள் வைத்தாலும் போகாதவை: சோடியம், குளோரைடு, போரான், ஃபுளோரைடு போன்ற கரைந்த உப்புகள். கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் ஆவியாகிப் போவதால் மீதித் தண்ணீரில் இவற்றின் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

இவை நுனியை மட்டும் ஏன் பிடிக்கின்றன? ஸ்பைடர் பிளான்ட்டின் ஓர் இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நரம்புகள் எல்லாம் அடியிலிருந்து பக்கம் பக்கமாக ஓடி நுனியில் போய்ச் சேர்கின்றன. வேர் உறிஞ்சும் தண்ணீர் இந்த வழியாக ஏறி, இலையின் நுண்துளைகளில் ஆவியாகிறது. கூட வந்த ஃபுளோரைடும் போரானும் ஆவியாக முடியாது, வந்த வழியே பெரிதாகத் திரும்பிப் போகவும் முடியாது. கடைசியில் நுனியில் தங்கிச் சேர்ந்து, அளவு மீறியதும் அங்குள்ள செல்களைச் சாகடிக்கின்றன. வயதான இலையில் முதலில் கருகல் தெரிவதும் இதனால்தான். அது அதிக நாள் சேர்த்து வைத்திருக்கிறது. மார்ச் முதல் மே வரை வெயிலில் இலை அதிகத் தண்ணீரை ஆவியாக்குவதால் அந்த மாதங்களில் வேகமும் கூடும்.

வேறு காரணம் இல்லை என்று உறுதி செய்ய இலையை இன்னும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். உப்பால் கருகிய நுனி காய்ந்து, தொட்டால் நொறுங்கும். கருகலுக்கும் பச்சைக்கும் நடுவே பெரும்பாலும் மெல்லிய மஞ்சள் கோடு ஓடும். வெயில் சுட்டிருந்தால் இலையின் நடுவில் வெளுத்த திட்டுகள் இருக்கும். தண்ணீர் தேங்கி வேர் அழுகியிருந்தால் இலை அடியிலிருந்தே மெத்தென்று தளர்ந்து கறுக்கும். நீங்கள் எழுதியது முதல் வகையோடு பொருந்துகிறது.

இப்போது உங்கள் தண்ணீரின் கணக்குக்கு வருவோம். வீட்டு ஆர்.ஓ. மெஷின் மூன்று லிட்டர் வாங்கி ஒரு லிட்டர் நல்ல தண்ணீரும் இரண்டு லிட்டர் கழிவும் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே போனது 1,100, நல்ல தண்ணீர் 60 என்றால், மீதி உப்பெல்லாம் அந்த இரண்டு லிட்டரில்தான் இருக்கும். கழிவு நீர் சுமார் 1,600 காட்டும். மீட்டரை அதிலும் ஒருமுறை நனைத்துப் பாருங்கள். 1,600 என்றால் லிட்டருக்கு 1.6 கிராம் உப்பு. மாதம் இரண்டு லிட்டர் ஊற்றினால் 3.2 கிராம், எட்டு மாதத்தில் சுமார் 25 கிராம். ஏறக்குறைய நான்கு டீஸ்பூன் உப்பை, இரண்டு லிட்டர் மண்கூடப் பிடிக்காத ஒரு தொட்டியில் போட்டது போல. கொஞ்சமாக ஊற்றி, தட்டில் வடிந்ததையும் தொட்டியே மறுபடி உறிஞ்சும்படி விட்டிருந்தால் அதில் பெரும்பகுதி இன்னும் உள்ளேதான் இருக்கிறது. தண்ணீரை வீணாக்கக்கூடாது என்ற உங்கள் எண்ணம் நல்லது. அந்தத் தண்ணீரைத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் பயன்படுத்துங்கள், தொட்டிச் செடிக்கு மட்டும் வேண்டாம்.

மண் மேல் வெள்ளையாகப் படிவதைப் பார்த்து எல்லாரும் சுண்ணாம்பைத்தான் குறை சொல்வார்கள். அது பெரும்பாலும் கால்சியம். ஃபுளோரைடைப் பிடித்து வைத்து வேருக்குப் போகாமல் ஓரளவு தடுப்பதே கால்சியம்தான். உங்கள் குடியிருப்பில் சாஃப்ட்னர் இருக்கிறதா என்று விசாரியுங்கள். அது கால்சியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை விடுகிறது. குழாயில் கறை படியாது, சோப்பு நுரைக்கும், செடிக்கு மட்டும் முன்பைவிட மோசம். மீட்டரும் இதைக் காட்டிக் கொடுக்காது. அது மொத்த உப்பைச் சொல்லுமே தவிர எந்த உப்பு என்று சொல்லாது. ஃபுளோரைடும் அப்படித்தான். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரில் அது அதிகம் என்பதால்தான் அங்கே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. அந்தப் பக்கத்து வாசகர்கள் மீட்டர் குறைவாகக் காட்டுகிறது என்று போர் தண்ணீரை நம்ப வேண்டாம்.

சரி, இனி செய்ய வேண்டியது. மேல் மண்ணில் வெள்ளைப் படிவு இருந்தால் அரை சென்டிமீட்டர் அளவுக்குச் சுரண்டி எடுத்துவிடுங்கள். பிறகு தொட்டியைத் தட்டிலிருந்து எடுத்து, அடி ஓட்டை திறந்திருக்கிறதா என்று பார்த்து, நல்ல தண்ணீர் நான்கு லிட்டரை ஒவ்வொரு லிட்டராக மெதுவாக ஊற்றுங்கள். ஒவ்வொரு முறையும் முழுக்க வடிய விடுங்கள். ஒரேயடியாகக் கவிழ்த்தால் தொட்டி ஓரமாக ஓடிப்போகும், உப்பு கரையாது. முதலில் வடிவதையும் கடைசியில் வடிவதையும் தனித்தனியே பிடித்து மீட்டரில் பாருங்கள். முதல் வடிநீர் நீங்கள் ஊற்றியதைவிடப் பல மடங்கு காட்டும். கடைசியது ஊற்றிய தண்ணீரின் அளவை நெருங்கினால் கழுவியது போதும். இதற்கு மாநகராட்சி விடும் ஆற்றுத் தண்ணீர் போதும். அது வராத நாளில் மழைநீரோ ஏ.சி.யிலிருந்து வடியும் தண்ணீரோ ஊற்றலாம். ஏ.சி. தண்ணீர் காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுவது, தாதுக்கள் அதில் இல்லை என்றே சொல்லலாம்.

அன்றாடம் ஊற்றவும் இவைதான். போர் தண்ணீர் தவிர வேறு வழியில்லாத நாட்களில் ஆர்.ஓ.வில் வந்த நல்ல தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் உப்பு 600க்குக் கீழ் வந்துவிடும். ஊற்றும்போது தினம் ஒரு டம்ளர் என்று ஊற்றாமல், மேல் மண் ஓர் அங்குலம் காய்ந்ததும் அடியில் வடியும்வரை ஊற்றி, தட்டில் நிற்பதைக் கொட்டிவிடுங்கள். அதற்காக அடியோடு காயவும் விடாதீர்கள். இதன் வேர் சதைப்பற்றானது, தண்ணீர் சேமிக்கும், இரண்டு நாள் தாங்கும். ஆனால் மண் வற்ற வற்ற மீதி ஈரத்தில் உப்பின் அடர்த்தி ஏறும். சூப்பர் பாஸ்பேட்டில் ஃபுளோரைடு இருப்பதால் அதை இந்தத் தொட்டிக்குப் போடாதீர்கள்.

கருகிய நுனி மறுபடி பச்சையாகாது. பார்க்கச் சகிக்கவில்லை என்றால் கத்தரிக்கோலால் இலையின் கூர்மை போலவே சாய்வாக வெட்டி, பழுப்பில் ஒரு நூலளவு மட்டும் விட்டுவிடுங்கள். பச்சையில் வெட்டினால் வெட்டிய இடம் மறுபடி காயும். செடி தேறுகிறதா என்பதை நடுவிலிருந்து புதிதாக வரும் இலைகளில்தான் பார்க்க வேண்டும். இரண்டு மாதம் கழித்து அவையும் நுனி கருகினால் மண்ணையே மாற்றுங்கள். மாற்றும்போது தேங்காய் நார்த்தூளில் கவனமாக இருங்கள். பொள்ளாச்சி நார்த்தூள் நமக்குக் கைக்கெட்டும் விலையில் கிடைக்கிறது, ஆனால் கழுவாத நார்த்தூளில் சோடியமும் பொட்டாசியமும் நிறைய இருக்கும். கட்டியை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, வெளிவரும் தண்ணீர் மீட்டரில் ஏறக்குறைய ஊற்றிய அளவுக்கே இறங்கும்வரை இரண்டு மூன்று முறை அலசிய பிறகு கலந்துகொள்ளுங்கள்.