மகனின் கண்ணாடிப் பவர் –2.50 ஆ, –1.00 ஆ?

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது என்றதால் கொழும்பு கண் ஆஸ்பத்திரி கிளினிக்கில் காட்டினோம். அங்கே தந்த துண்டில் வலது கண் –2.50 / +1.50 × 90, இடது கண் –2.00 / +1.00 × 80 என்று இருக்கிறது. வெள்ளவத்தையில் ஒரு கண்ணாடிக் கடையில் திரும்பப் பார்த்து, வலது –1.00 / –1.50 × 180, இடது –1.00 / –1.00 × 17 என்று எழுதித் தந்தார்கள். ஒன்றில் கூட்டல், மற்றதில் கழித்தல். எதை நம்பிக் கண்ணாடி செய்வது டொக்டர்? – ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: கூட்டல் கழித்தலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வலது கண்ணுக்கு இரண்டு துண்டும் சொல்வது ஒரே கண்ணாடியைத்தான். இடது கண்ணில்தான் சிக்கல், அதுவும் நீங்கள் கவலைப்பட்ட இடத்தில் இல்லை. அந்தக் கடைசி 17ஐப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

துண்டில் உள்ள முதல் எண் ஸ்பியர். அது வில்லையின் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக இருக்கும் பவர். மகனுக்கு அது மட்டும் போதாது. அவருடைய கருவிழியின் வளைவு மேல்-கீழாக ஒரு அளவு, இட-வலமாக இன்னொரு அளவு. இதைத்தான் அஸ்டிக்மாடிசம் என்கிறோம். ஒரு திசைக்கு மட்டும் கூடுதல் பவர் தர உருளை வில்லை வேண்டும். இரண்டாவது எண்ணான சிலிண்டர் அதன் அளவு.

ஒரு கண்ணாடிக் கோலின் பக்கத்தை நீளவாக்கில் சீவி எடுத்தால் கிடைக்கும் துண்டை நினைத்துக்கொள்ளுங்கள். நீளவாக்கில் அதற்கு வளைவே இல்லை, குறுக்கே மட்டும் வளைவு. அந்த நீளக் கோடுதான் அக்சிஸ், மூன்றாவது எண். ஆகவே சிலிண்டரின் பவர் அக்சிஸ் கோட்டின் வழியே வேலை செய்யாது, அதற்குச் செங்குத்தான திசையில்தான் வேலை செய்யும். துண்டை வாசிக்கும்போது பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

இப்போது வலது கண்ணைப் பார்ப்போம். கடையின் கணக்கில் அக்சிஸ் 180, அதாவது படுக்கைக் கோடு. அந்தக் கோட்டின் வழியே ஸ்பியர் மட்டும்: –1.00. மேல்-கீழாக ஸ்பியரும் சிலிண்டரும் சேரும்: –1.00, அதோடு –1.50, மொத்தம் –2.50. கிளினிக் துண்டில் அக்சிஸ் 90, நிமிர்ந்த கோடு. மேல்-கீழாக ஸ்பியர் மட்டும்: –2.50. இட-வலமாக –2.50 உடன் +1.50 சேர்ந்தால் –1.00. இரண்டிலும் மேல்-கீழ் –2.50, இட-வலம் –1.00. வேறுபாடே இல்லை.

கண் வைத்தியர்கள் பலர் கூட்டல் சிலிண்டரில் எழுதிப் பழகியவர்கள். கண்ணாடிக் கடைகளில் பெரும்பாலும் கழித்தலில்தான் எழுதுவார்கள். ஒன்றை மற்றதாக மாற்றுவது இப்படி: ஸ்பியரையும் சிலிண்டரையும் குறியோடு கூட்டினால் புதிய ஸ்பியர். சிலிண்டரின் அளவு அப்படியே இருக்கும், குறி மட்டும் மாறும். அக்சிஸ் 90க்கு மேற்பட்டால் 90ஐக் கழியுங்கள், 90 அல்லது அதற்குக் குறைந்தால் 90ஐக் கூட்டுங்கள். மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு துண்டிலிருந்து ஸ்பியரையும் மற்றதிலிருந்து சிலிண்டரையும் எடுத்து, வலது கண்ணுக்கு –2.50 / –1.50 × 180 என்று செய்துவிட்டால் மேல்-கீழ் பவர் –4.00 ஆகிவிடும். பிள்ளைக்குத் தலையிடிதான் வரும்.

சரி, இடது கண். கிளினிக்கின் –2.00 / +1.00 × 80ஐ இதே முறையில் மாற்றிப் பாருங்கள். ஸ்பியர் –1.00, சிலிண்டர் –1.00, அக்சிஸ் 80உம் 90உம் சேர்ந்து 170. கடைத் துண்டில் முதல் இரண்டும் அப்படியே இருக்கின்றன, அக்சிஸ் மட்டும் 17. எழுதும்போது ஒரு பூச்சியம் விடுபட்டிருக்கலாம் என்பதே என் சந்தேகம். ஆனால் 17 என்பதும் கருவி காட்டக்கூடிய ஒரு எண்தான் என்பதால், ஊகித்துத் திருத்தக் கூடாது, கண்ணைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

மகனின் பாகைமானியை எடுத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். அக்சிஸை, பிள்ளைக்கு எதிரே நின்று பார்ப்பவரின் வலப்பக்கத்திலிருந்து மேல்நோக்கி எண்ணுவோம், இரண்டு கண்ணுக்கும் அப்படியே. 170 என்பது படுக்கைக் கோட்டிலிருந்து ஒரு பக்கம் 10 பாகை சரிந்த கோடு. 17 அதற்கு எதிர்ப்பக்கம் சரிந்தது. இடையில் 27 பாகை. சிலிண்டர் வில்லை 30 பாகை திரும்பினால், கண்ணில் முதலில் இருந்த அளவு அஸ்டிக்மாடிசம் அப்படியே மிஞ்சும், திசை மட்டும் மாறும். 27 பாகை திரும்பினால் மகனின் 1.00இல் ஏறக்குறைய 0.90 மிஞ்சிவிடும். காசு கொடுத்துச் சிலிண்டர் போட்டும் போடாத மாதிரிதான். வெறும் 5 பாகை பிசகினால் மிஞ்சுவது ஆறில் ஒரு பங்கு, இந்தச் சிறிய சிலிண்டருக்கு அதை அவர் உணரவே மாட்டார்.

ஆகவே இரண்டு துண்டையும் அதே கடைக்குக் கொண்டுபோய், இடது கண்ணின் அக்சிஸை மட்டும் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். 170க்குக் கிட்ட வந்தால் சரி, செய்யக் கொடுக்கலாம். மறுபடியும் 17 என்றே வந்தால் கண்ணாடி செய்யாமல் கிளினிக்குக்குத் திரும்பிப் போங்கள். இந்த வயதில் கண்ணின் உள்தசை சுருங்கி, கிட்டப்பார்வை உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டுவது வழக்கம். அதைத் தவிர்க்கக் கிளினிக்கில் சொட்டு மருந்து விட்டுப் பார்த்திருந்தால், கடையில் சொட்டு இல்லாமல் எடுத்த அளவைவிட அதற்கே நான் மதிப்புக் கொடுப்பேன்.

கண்ணாடி வந்ததும், வில்லையின் பவரை அளக்கும் கருவியில் வைத்து மூன்று எண்களையும் உங்கள் முன்னால் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கடைகளில் அந்தக் கருவி இருக்கும், கேட்கத் தயங்க வேண்டாம். வலது வில்லையை நீங்களே வீட்டில் பார்க்கலாம். கண்ணாடியைக் கை நீட்டி மட்டமாகப் பிடித்து, அந்த வில்லை வழியே ஜன்னல் சட்டத்தைப் பாருங்கள். அக்சிஸ் 180 சரியாக இருந்தால் சட்டம் வில்லைக்குள்ளும் நேராகவே நிற்கும். கண்ணாடியைச் சற்றுச் சுழற்றினால்தான் உள்ளே தெரியும் கோடு சரியும். சுழற்றாமலே சரிந்து தெரிந்தால் வில்லை திரும்பிப் பொருந்தியிருக்கிறது. வட்ட பிரேமில் இது பிறகும் நடக்கும், வில்லை உள்ளுக்குள் சுழன்றுவிடும். முதல் தடவை சிலிண்டர் போடும் பிள்ளைக்கு வட்ட பிரேம் வேண்டாம் என்பேன்.

போட்ட முதல் நாட்களில் தரை சரிவாகவும் கதவு சாய்ந்தும் தெரிகிறது என்று மகன் சொல்லலாம். ஒன்றிரண்டு வாரத்தில் அது பழகிப்போகும். ஆனால் ஒரு கண்ணை மூடிப் பார்க்கும்போது மற்றக் கண்ணில் எழுத்து தெளியவே இல்லை என்றால் பழகட்டும் என்று காத்திருக்காமல் வில்லையைத் திரும்ப அளக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, அவர் கண்ணை அடிக்கடி கசக்குகிறாரா என்று கவனியுங்கள். கசக்கும் பழக்கமும் இருந்து, அடுத்தடுத்த துண்டுகளில் சிலிண்டரும் கூடிக்கொண்டே போனால், கருவிழி மெலிந்து கூம்பாகும் நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குக் கருவிழியின் வளைவை வரைபடமாக எடுக்கும் பரிசோதனை உண்டு. இந்த இரண்டு துண்டையும் எறியாமல் வைத்திருங்கள், அடுத்த பரிசோதனையில் ஒப்பிட உதவும். ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே குறிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.